பத்து வினாடிகள்

தாத்தா எழுதிய கடிதம் நான்கு பக்கங்களுக்கு நீண்டிருந்தது. நீல மையில் நெருக்கமாக எழுதியிருந்தார். அதை மடித்துப் பேத்தியின் கையில் கொடுத்து, "அந்த அம்மாவைப் பார்க்கும்போது இதை அப்படியே படித்துக் காட்டிவிடு" என்றார்.

பேத்தி உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். அது ஏப்ரல் மாதம். தமிழ்மொழி விழாவையொட்டி எங்கும் நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருந்தன. அந்தச் சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தின் 16ஆம் தளத்தில், மூத்த எழுத்தாளர் ஒருவரின் புதிய சிறுகதைத் தொகுப்பு வெளியீடு காணவிருந்தது. எழுபது வயதைக் கடந்த அந்த எழுத்தாளரின் பழைய தொகுப்பு ஒன்று தாத்தாவிடம் இருந்தது. முதுகுப்பகுதி கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டு ஒட்டிய நூல். அதில் உள்ள ஒரு கதையைத் தாத்தா எத்தனை முறை படித்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. அது ஒரு பேருந்து நடத்துநரைப் பற்றிய கதை.

தாத்தா 1970களில் சிங்கப்பூரில் பேருந்து நடத்துநராக வேலை செய்தவர். அப்போது பேருந்தில் ஓட்டுநரோடு நடத்துநரும் இருப்பார். கையில் சீட்டுக் கட்டும், பயணச்சீட்டில் துளையிடும் சிறு கருவியும் வைத்திருப்பார். கூட்டத்துக்குள் நடந்து வரும்போது அந்தக் கருவியை அழுத்திக்கொண்டே வருவார். 'டிக், டிக்' என்ற சத்தம் கேட்டதும் பயணிகள் சில்லறையை எடுத்து வைத்துக்கொள்வார்கள். கதையில் வரும் நடத்துநர் ஓய்வுபெற்ற பிறகும், கையில் கருவி இல்லாமலேயே விரல்களை அழுத்திக்கொண்டிருப்பார். அந்த இடம் வந்ததும் தாத்தா நூலை மூடிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

முழங்கால் வலியால் தாத்தாவால் நீண்ட நேரம் நிற்க முடியாது. அதனால்தான் பேத்தியை அனுப்பினார். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். ஆனால், அவளுக்குள் ஒரு தயக்கம் இருந்தது. அதற்குக் காரணம் சென்ற ஆண்டு நடந்த ஒன்று.

தீபாவளிக்கு முந்திய வாரம் அது. கேம்பல் லேன் சந்தையில் கூட்டம் அலைமோதியது. பலகாரக் கடை ஒன்றின் முன்னால் தொலைக்காட்சி நடிகர் ஒருவர் தம் குடும்பத்தோடு நின்றிருந்தார். அவரைக் கண்டதும் அவள் ஓடினாள். அவருடைய பெயரை உரக்கச் சொல்லி அழைத்தாள். "நான் உங்கள் தீவிர ரசிகை! உங்கள் நாடகம் ஒன்றைக்கூட விட்டதில்லை!" என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டாள். அவளுடைய சத்தத்தைக் கேட்டு மேலும் பலர் சூழ்ந்துகொண்டார்கள். நடிகர் சிரித்தார்; ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஓரத்தில் இருந்த குழந்தை அவள் கண்ணில் பட்டது. மூன்று வயது இருக்கலாம். அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. அவள் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.

அதே புளோக்கில், ஆறாம் மாடியில், ஓர் அக்கா இருந்தார். நூல் வெளியீடுகளில் தொண்டூழியராக உதவுபவர். கையொப்ப மேசைக்கு அருகில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்துவது அவருடைய வேலை. பேத்தி அவரிடம் கடிதத்தை எடுத்துச் சென்றாள்.

அக்கா நான்கு பக்கங்களையும் பொறுமையாகப் படித்தார். "அழகாக எழுதியிருக்கிறார். ஆனால், இதைப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"வீட்டில் படித்துப் பார்த்தேன் அக்கா. எட்டு நிமிடம்."

அக்கா ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். கையொப்பத்துக்கு 45 நிமிடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஐந்து மணிக்கு அரங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வரிசையில் 90 பேர் வரலாம். அப்படியானால் ஒருவருக்கு அரை நிமிடம். நூலைத் திறப்பது, பெயரைக் கேட்பது, கையொப்பமிடுவது ஆகியவற்றுக்கே அதில் 20 வினாடிகள் போய்விடும்.

"மிச்சம் பத்து வினாடிகள். அதுதான் உன்னுடையது" என்றார் அக்கா.

"பத்து வினாடியில் என்ன சொல்வது அக்கா?"

"நிதானமாகப் பேசினால் இருபது சொற்கள் சொல்லலாம். அது போதும். ஆனால், எந்த இருபது சொற்கள் என்பதை இங்கேயே முடிவு செய்துகொள். அங்கே போய் யோசித்தால், 'நான் உங்கள் தீவிர ரசிகை' என்பதுதான் வாயில் வரும்."

பேத்திக்கு முகம் சிவந்தது. அக்கா அதைக் கவனிக்காமல் தொடர்ந்தார்.

"'உங்கள் கதைகள் எல்லாம் பிரமாதம்' என்று அன்றைக்குப் பலர் சொல்வார்கள். அதற்கு 'நன்றி' என்பதைத் தவிர அவரால் வேறு என்ன சொல்ல முடியும்? புகழ்ச்சி நீள நீள, கேட்பவர் சங்கடப்பட்டுச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால், உன்னால் மட்டும் சொல்லக்கூடிய ஒன்றைச் சொல். 'எழுத உங்களுக்குத் தூண்டுதல் எது?' என்பது போன்ற பெரிய கேள்வியையும் கேட்காதே. அதற்கு அரை நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்லாமல் அனுப்பவும் அவருக்கு மனம் வராது."

பிறகு சில சிறிய காரியங்களையும் அக்கா சொல்லிக் கொடுத்தார். கையொப்பமிட வேண்டிய பக்கத்தை வரிசையில் நிற்கும்போதே திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். யாருடைய பெயரை எழுத வேண்டுமோ, அதைத் தெளிவாக ஒரு சிறு தாளில் எழுதி அந்தப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். தாத்தாவின் பெயரில் 'ழ' வருகிறது. சத்தத்துக்கு நடுவே அது 'ள' என்று காதில் விழுந்தால், மையால் எழுதியதை அழிக்க முடியாது. படம் எடுக்க விரும்பினால் முதலில் கேட்க வேண்டும்; மேசையின் இந்தப் பக்கத்திலேயே நின்றுகொள்ள வேண்டும்; தோளில் கை போடக் கூடாது.

"முடிந்துவிட்டது என்று எப்படி அக்கா தெரிந்துகொள்வது?"

"நூலை மூடி உன்னிடம் நீட்டுவார். இல்லாவிட்டால் அவருடைய பார்வை உனக்குப் பின்னால் நிற்பவரிடம் போகும். அதற்குப் பிறகு நீ சொல்லும் எதையும் அவர் மரியாதைக்காகத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடு."

அன்றிரவு பேத்தி நான்கு பக்கங்களையும் மீண்டும் படித்தாள். தாத்தா முதல் பக்கத்தில் எழுத்தாளரை வாழ்த்தியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் தம் வேலையைப் பற்றி எழுதியிருந்தார். மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது. அதன் கீழ் அவள் கோடிட்டாள். கைப்பேசியில் நேரத்தை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். முதலில் 25 வினாடிகள் ஆயின. பிறகு 16. கடைசியில் பத்து.

சனிக்கிழமை அவள் முன்கூட்டியே போய்விட்டாள். கீழ்த்தளத்தில் மின்தூக்கி திறந்தது. உள்ளே ஏறி 16ஆம் எண்ணை அழுத்தினாள். கதவு மூடும் நேரத்தில் இன்னொருவரும் ஏறினார். வெள்ளை முடி, கைத்தறிச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. நூலின் பின்னட்டையில் இருந்த அதே முகம்.

மின்தூக்கியில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். வரிசை இல்லை, அவசரப்படுத்துபவர் இல்லை. 16 மாடிகள். பேத்தியின் பையில் நான்கு பக்கக் கடிதம் இருந்தது. அவளுடைய நெஞ்சு படபடத்தது. இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா?

அவள் எழுத்தாளரைப் பார்த்தாள். எழுத்தாளரின் கையில் ஒரு சிறிய தாள் இருந்தது. அவருடைய கண்கள் மூடியிருந்தன. உதடுகள் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. இடையில் ஒருமுறை கண்ணைத் திறந்து தாளைப் பார்த்துவிட்டு மீண்டும் மூடிக்கொண்டார். இன்னும் சிறிது நேரத்தில் மேடையில் பேசவேண்டியதை அவர் மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேத்திக்கு அந்தப் படத்தின் ஓரத்தில் இருந்த குழந்தை நினைவுக்கு வந்தது. அவள் பையிலிருந்து கையை எடுத்தாள்.

எட்டாம் தளத்தைத் தாண்டியபோது எழுத்தாளர் கண்ணைத் திறந்தார். இருவருடைய பார்வையும் சந்தித்தன. பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் சரியாக இருக்காது. பேத்தி லேசாகத் தலையசைத்து, "வணக்கம் அம்மா" என்றாள். எழுத்தாளரும் தலையசைத்தார். பிறகு மீண்டும் கண்ணை மூடிக்கொண்டார். கதவு திறந்ததும் பேத்தி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவரை முதலில் போகவிட்டாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் வரிசை நின்றது. அது அக்கா கணக்குப் போட்டதைப் போலவே நீளமாக இருந்தது. முதலில் வேகமாகத்தான் நகர்ந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. பேத்தி எட்டிப் பார்த்தாள். மேசைக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். தடித்த கோப்பு ஒன்றை மேசைமீது வைத்திருந்தார். அவர் எழுதிய நாவல் அது. எழுத்தாளர் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்தாளரின் பேனா மூடி போட்டு மேசையில் கிடந்தது. அவருடைய கண்கள் இருமுறை வரிசையின் பக்கம் வந்து போயின. பெரியவர் அதைக் கவனிக்கவில்லை.

"எவ்வளவு நேரந்தான் பேசுவார்?" என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார்.

பேத்திக்கு அந்தப் பெரியவர்மீது கோபம் வரவில்லை. கோப்பின் பக்கங்களைத் திருப்பிய அவருடைய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பல ஆண்டு உழைப்பு அந்தக் கோப்பில் இருந்திருக்க வேண்டும். அக்காவைப் பார்க்காமல் வந்திருந்தால், தானும் நான்கு பக்கங்களோடு அப்படித்தான் நின்றிருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து மெதுவாகச் சொன்ன பிறகே பெரியவர் நகர்ந்தார். கிட்டத்தட்ட நான்கு நிமிடங்கள் போயிருந்தன. அது எட்டுப் பேருடைய நேரம்.

மணி ஐந்தாக ஐந்து நிமிடங்கள் இருந்தபோது ஏற்பாட்டாளர் வரிசையின் அருகில் வந்தார். "இன்னும் 12 பேர் இருக்கிறீர்கள். எல்லாருக்கும் கையொப்பம் கிடைக்க வேண்டுமென்றால், தயவுசெய்து படம் எடுக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு நூல் மட்டும்" என்றார்.

பேத்தி ஒன்பதாவதாக நின்றிருந்தாள். அவள் கையில் இரண்டு நூல்கள் இருந்தன. ஒன்று அன்று வாங்கிய புதிய நூல். தன்னுடைய பெயருக்குக் கையொப்பம் வாங்கலாம் என்று ஆசையோடு வாங்கியது. மற்றொன்று தாத்தாவின் கிழிந்த நூல். அவள் புதிய நூலைப் பைக்குள் வைத்தாள். தாத்தாவிடம் காட்டப் படம் எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். கைப்பேசியையும் உள்ளே வைத்துவிட்டாள்.

அவளுடைய முறை வந்தது. தாத்தாவின் நூலைத் திறந்தபடியே மேசைமீது வைத்தாள். பெயர் எழுதிய தாள் பக்கத்தின் மேல் ஒட்டியிருந்தது. எழுத்தாளர் அதைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். பேத்தி இரு கைகளையும் குவித்தாள்.

"வணக்கம் அம்மா. என் தாத்தா பேருந்து நடத்துநராக வேலை செய்தவர். 'சீட்டில் துளையிடும் கருவியின் சத்தத்தைக் கதையில் சரியாகக் கேட்டேன்' என்று உங்களிடம் சொல்லச் சொன்னார்."

எழுத்தாளரின் பேனா நின்றது. அவர் முதன்முறையாக நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"எந்த எண் பேருந்தில் இருந்தார்?"

பேத்தி திகைத்துப்போனாள். எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்திருந்தாள். இந்தக் கேள்வியை மட்டும் எதிர்பார்க்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் தாத்தாவிடம் அதை அவள் கேட்டதும் இல்லை.

"தெரியவில்லை அம்மா" என்றாள்.

அந்த நேரத்தில் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று தோன்றியது. தாத்தாவின் முழங்காலைப் பற்றிச் சொல்லலாம். கடிதத்தை எடுத்து நீட்டலாம். ஆனால், எழுத்தாளர் மீண்டும் குனிந்துவிட்டார். பெயருக்குக் கீழே ஏதோ ஒரு வரி எழுதினார். கையொப்பமிட்டார். நூலை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவருடைய பார்வை அடுத்தவரிடம் போனது.

"நன்றி அம்மா" என்று சொல்லிவிட்டுப் பேத்தி நகர்ந்தாள். மை காயும்வரை நூலை மூடாமல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு சன்னல் ஓரமாகப் போய் நின்றாள். அப்போதுதான் அந்த வரியைப் படித்தாள்.

வீட்டில் தாத்தா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கடிதத்தைப் படித்துக் காட்டினாயா?"

"இல்லை தாத்தா. அதிலிருந்து ஒரே ஒரு வரியைத்தான் சொன்னேன்."

தாத்தாவின் முகம் சற்று வாடியது. "ஒரு வரிதானா?"

பேத்தி நூலைத் திறந்து அவருடைய மடியில் வைத்தாள். தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். முதலில் அவருடைய பெயர் இருந்தது. 'ழ' சரியாக இருந்தது. அதன் கீழே, 'தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி பள்ளிக்குப் போனவள் எழுதுவது' என்றிருந்தது. அதற்கும் கீழே கையொப்பம்.

தாத்தா நெடுநேரம் பேசவில்லை. அவருடைய வலக்கை விரல்கள் நாற்காலியின் கைப்பிடியில் மெல்ல அழுந்தி எழுந்தன. ஒருமுறை, இருமுறை.

"எந்த எண் பேருந்து என்று கேட்டார் தாத்தா. எனக்குத் தெரியவில்லை" என்றாள் பேத்தி.

தாத்தா சட்டென்று நிமிர்ந்தார். ஓர் எண்ணைச் சொன்னார். பிறகு, அந்தப் பேருந்து எங்கே புறப்படும், எந்தப் பள்ளியின் முன்னால் நிற்கும், மழைக்காலத்தில் எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்றெல்லாம் சொல்லத் தொடங்கினார். பேத்தி தரையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவற்றில் எதையும் அவள் அதற்கு முன்பு கேட்டதில்லை.

அவர் சொல்லி முடித்த பிறகு அவள் நூலின் தொடக்கப் பக்கம் ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். அதில் பதிப்பகத்தின் முகவரி அச்சாகியிருந்தது.

"கடிதத்தை இங்கே அனுப்பலாம் தாத்தா. அவருக்கு நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படிப்பார். எட்டு நிமிடம் ஆனாலும் பரவாயில்லை."

தாத்தா நான்கு பக்கங்களையும் வாங்கிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துவரச் சொன்னார். ஐந்தாம் பக்கத்தின் முதல் வரியில் பேருந்தின் எண்ணை எழுதினார்.